சந்தாலி பேசும் பெற்றோர், 20 நிமிட டாக்டர் சந்திப்பு: மொழிபெயர்ப்பாளருக்கு எப்படி எழுதிக் கேட்பது?

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை) | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சிப்காட்டில் ஷூ அப்பர் தைக்கிற ஒரு கம்பெனியில் எச்ஆர் வேலை பார்க்கிறேன். போன வாரம் கிளிக்கிங் மெஷினில் ஒரு பையனுக்கு இடது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. வயது 23, காண்ட்ராக்ட் ஆள், ஜார்க்கண்ட் தும்கா பக்கம். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். விரலில் ரத்த ஓட்டம் சரியில்லையாம். காப்பாற்றிப் பார்ப்பதா எடுத்துவிடுவதா என்று வீட்டாரோடு பேச வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவும் அப்பாவும் வியாழக்கிழமை தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் காட்பாடி வந்து இறங்குகிறார்கள். சந்திப்பு சனிக்கிழமை. 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மொழித் தேவை ஏதாவது இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள் என்று வார்டு ஆபீஸில் கேட்கிறார்கள். பையன் ஓரளவு ஹிந்தி பேசுவான். பெற்றோருக்கு ஹிந்தி எவ்வளவு வரும் என்று தெரியாது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி அதே ஊர்க்காரர். “நானே உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன் சார், வேறு ஆள் எதற்கு” என்கிறார். அந்த லெட்டரில் என்ன எழுத வேண்டும்? எவ்வளவு நேரம் கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை மைதானம் | திங்கள், இரவு 10:05

இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம் சார். பாபுராவ் தெருவில் எந்த லாட்ஜில் போய் நின்றாலும் ஹிந்தி, பெங்காலி பேசுகிற பையன்கள் இருக்கிறார்கள். முந்நூறு ஐந்நூறு கொடுத்தால் கூட வந்துவிடுவார்கள். தும்கா பெங்கால் பார்டர், பெங்காலி புரியும். நேரத்தை மட்டும் டபுளாகக் கேளுங்கள். டாக்டர் ஒரு தடவை, மொழிபெயர்ப்பவர் ஒரு தடவை, அவ்வளவுதான் கணக்கு.

ஆம்பூர் 635802 | திங்கள், இரவு 10:31

எங்கள் டேனரிக்கு இத்தாலியிலிருந்து ஸ்ப்ரே மெஷின் மாட்ட ஆள் வந்தபோது சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தோம். நாள் வாடகை, கார், சாப்பாடு எல்லாம் நம் தலையில். அரை நாள் என்றாலும் முழு நாள் காசுதான். முதலில் ரேட்டைப் பேசிவிடுங்கள். அப்புறம் அளவு, எண் எல்லாம் வாயால் சொல்ல விடாதீர்கள், பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குக் காற்றழுத்த எண் ஒன்று மாறிப்போய் அரை நாள் வேலை நின்றது.

இருமொழி (வேலூர்) | திங்கள், இரவு 11:12

நான் இந்த ஊரில் நோயாளிகளுக்கு பெங்காலி–தமிழ்–ஆங்கிலம் பேசிக் கொடுக்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். பாலாற்றங்கரை தம்பி, லெட்டர் எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குடும்பம் வீட்டுக்குள் என்ன மொழி பேசுகிறது? தும்கா சந்தால் பர்கனா பகுதி. பெயருக்குப் பின்னால் முர்மு, சோரன், ஹெம்ப்ரம், டுடு, கிஸ்கு, மராண்டி என்று ஏதாவது இருக்கிறதா?

இருந்தால் சந்தாலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயரை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள், பையனிடம் கேளுங்கள். “ஹிந்தி தெரியுமா” என்று கேட்டால் யாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். “அம்மாவிடம் போனில் எந்த மொழியில் பேசுவாய்” என்று கேளுங்கள். முடிந்தால் அவன் பேசும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். சந்தாலி ஹிந்தியோடும் பெங்காலியோடும் சொந்தமே இல்லாத மொழிக் குடும்பம், முண்டாரி, ஹோ மொழிகளோடு சேர்ந்தது. பெங்காலி தெரிந்த என்னால் ஒரு வாக்கியத்தைக்கூடப் பிடிக்க முடியாது.

கோட்டை மைதானம் சார் சொன்னதில் பாதி சரி. சந்தையில் காய் வாங்கும் அளவுக்கு அவர்களுக்கு ஹிந்தியோ பெங்காலியோ வரலாம். விரலை எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்யும் அளவுக்கு வருமா என்பதுதான் கேள்வி. எங்கள் தொழிலில் அட்ரஸில் இருக்கிற மாநிலத்தைப் பார்த்து மொழியை எழுதுவதால்தான் பாதித் தகராறு வருகிறது. சிட்டகாங்கிலிருந்து வருகிறவருக்குக் கல்கத்தா பெங்காலி பேசும் ஆளைப் போட்டுவிடுவார்கள். இருவருக்கும் “பாங்க்ளா”தான், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும்.

பாலாற்றங்கரை | செவ்வாய், மதியம் 1:20

நன்றி அக்கா. இன்று காலையில் வார்டில் கேட்டேன். நீங்கள் சொன்ன பெயர்களில் ஒன்றுதான். வீட்டில் சந்தாலி மட்டும்தான். அப்பா பாக்கூர் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர், அதனால் கொஞ்சம் ஹிந்தி வரும். அம்மாவுக்குச் சுத்தமாக வராது. மேஸ்திரி சந்தாலி பேசுவார், தமிழும் பேசுவார். அப்படியென்றால் அவரையே வைத்துக்கொள்வதுதானே சுலபம்?

வார்டு நம்பர் தெரியாது | செவ்வாய், மாலை 4:02

நான் நர்ஸ், அந்த ஆஸ்பத்திரி இல்லை. மேஸ்திரியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அவர் காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்குகிறவர். விரலை எடுத்தால் நஷ்டஈடு ஒரு மாதிரி, எடுக்காவிட்டால் வேறு மாதிரி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வியில் அவருடைய முதலாளிக்குப் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. மெஷினில் பாதுகாப்பு கார்டு இருந்ததா, யார் ஓட்டச் சொன்னது என்று அம்மா கேட்டால் அவர் அப்படியே மொழிபெயர்ப்பாரா?

வேலை இடத்து ஆள் வந்து பேசும்போது நாங்கள் கவனிக்கிற சில அடையாளங்கள் உண்டு. டாக்டர் நான்கு வாக்கியம் சொல்வார், இவர் இரண்டு வார்த்தையில் முடிப்பார். டாக்டர் நோயாளியின் அம்மாவைப் பார்த்துக் கேட்பார், இவர் அம்மாவிடம் கேட்காமலே பதில் சொல்வார். வீட்டார் டாக்டர் முகத்தையே பார்க்க மாட்டார்கள், இவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலே சந்திப்பை நிறுத்திவிட்டு வேறு ஆளைத் தேட வேண்டும்.

இன்னொன்று. பையனுக்கு 23 வயது, சுயநினைவோடு இருக்கிறான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். நீங்கள் முதல் பதிவில் அப்பா அம்மாவுக்கு மொழி தேடுகிறீர்கள், பையனுக்கு ஹிந்தி போதும் என்று விட்டுவிட்டீர்கள். அவனிடமும் கேளுங்கள்.

கோட்டை மைதானம் | செவ்வாய், மாலை 5:30

சிஸ்டர், அதெல்லாம் சரி. ஊர்க்காரன், சொந்த மொழி, தெரிந்த முகம். அந்த அம்மா பயந்துபோய் வந்திருக்கும். யாரோ ஒரு புது ஆளை உட்காரவைத்தால் வாயே திறக்காது. தெரிந்தவன் சொன்னால்தான் நம்புவார்கள். அதையும் பாருங்கள்.

இருமொழி | செவ்வாய், இரவு 8:47

அதுவும் உண்மைதான் சார். தெரிந்த முகம் அறையில் இருக்கட்டும், மொழிபெயர்க்கும் வேலை மட்டும் வேறு ஆளிடம் இருக்கட்டும். அந்த முகம் மேஸ்திரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பையனோடு ரூமில் தங்கியிருக்கிற ஒருவராக இருக்கலாம். யார் இருக்க வேண்டும் என்று பையனிடமே விட்டுவிடலாம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். இங்கே இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஆங்கிலமும் சந்தாலியும் தெரிந்த ஒரே ஆள். டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்துவார், அவர் சந்தாலியில் சொல்வார். எல்லாம் இரண்டு முறை சொல்லப்படுகிறது, அதனால் 20 நிமிடப் பேச்சு 40 நிமிடம் ஆகும். “டபுள்” என்பது இதற்குத்தான் பொருந்தும், அதுவும் முன்னேற்பாடு போக.

இரண்டாவது, அப்படி ஆள் கிடைக்காமல் ஒருவர் ஆங்கிலத்திலிருந்து ஹிந்திக்குச் சொல்ல, இன்னொருவர் ஹிந்தியிலிருந்து சந்தாலிக்குச் சொல்வது. அப்போது ஒவ்வொரு வாக்கியமும் மூன்று முறை. அம்மாவின் கேள்வியும் அதே படிகளில் திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆகிவிடும். இடையில் ஒரு கை அதிகமானதால் தவறு எங்கே நுழைந்தது என்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும் என்பதால் அவரை அந்த இரண்டாவது ஆளாக்கிவிடத் தோன்றும். வேண்டாம். மகன் விரலைப் பற்றிய செய்தியை முதலில் கேட்டு, அதை மனைவியிடம் அவரே சொல்ல வேண்டியிருக்கும். பாதியைச் சொல்லாமல் விழுங்குவார், யாராக இருந்தாலும் விழுங்குவார்கள்.

அதனால் முதல் வழிக்கு ஆள் தேடுங்கள். காட்பாடியில் ஜார்க்கண்ட் மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள், சந்தாலி வீட்டுப் பிள்ளைகள் ஒன்றிரண்டாவது இருப்பார்கள். நர்ஸிங் ஹாஸ்டல்களிலும் கேட்கலாம். ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேளுங்கள், இங்கே பெரிய இடங்களில் சமூகப் பணிப் பிரிவு இருக்கும், அவர்கள் கையில் ஆள் இருக்கலாம். ஆள் கிடைத்ததும் ஊர் எது என்று கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகவோ பக்கத்து ஊராகவோ இருந்தால், இவரை வைத்துப் பேசச் சம்மதமா என்று பையனிடம் கேட்ட பிறகுதான். ஆஸ்பத்திரிச் செய்தி ஊருக்குள் தங்களுக்கு முன்னால் போய்ச் சேரும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும்.

மௌனராகம் வேண்டாம் | செவ்வாய், இரவு 9:15

என் தம்பிக்குக் காது கேட்காது. வங்கியில் கடன் பேசப் போனபோது சைகை மொழிபெயர்ப்பாளரோடு போனோம். மேனேஜர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவரை உட்காரவைத்தார். வெளிச்சம் கண்ணில் அடித்ததில் தம்பிக்குக் கை அசைவே தெரியவில்லை. லெட்டரில் உட்காரும் இடத்தையும் எழுதுங்கள். நீண்ட சந்திப்பு என்றால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டும், இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே ஆளால் தெளிவாகச் செய்ய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஆளைக் கேட்காதீர்கள்.

இருமொழி | செவ்வாய், இரவு 9:33

தங்கை சொன்னது சைகை மொழிக்கு மிகவும் சரி. டாக்டர் பேசப் பேச அவர்கள் கூடவே செய்கிறார்கள், இடைவெளியே கிடைக்காது. இங்கே டாக்டர் நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் ஒரு ஆள் 45 நிமிடம் தாங்குவார். உட்காரும் இடம் எல்லோருக்கும் பொதுதான். டாக்டரும் குடும்பமும் நேருக்கு நேர், மொழிபெயர்ப்பவர் பக்கவாட்டில் சற்றுப் பின்னால். குடும்பத்தின் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பாலாற்றங்கரை | புதன், காலை 11:50

ஆள் கிடைத்துவிட்டார்! ஆஸ்பத்திரியில் கேட்டேன், பெங்காலி, ஹிந்திக்கு உண்டு, சந்தாலிக்கு இல்லை என்றார்கள். காட்பாடியில் படிக்கிற ஒரு மாணவர், வீடு தேவ்கர் பக்கம், தும்கா குடும்பத்தோடு எந்தப் பழக்கமும் இல்லை. பையனும் வீடியோ காலில் அவரோடு பேசிவிட்டு சரி என்றான். தமிழ் வராது, ஆங்கிலமும் சந்தாலியும் நன்றாக வரும். டாக்டர் ஆங்கிலத்தில் பேசுவார் என்பதால் பிரச்சினை இல்லை. லெட்டர் எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவேன். திருத்துங்கள்:

*“ஐயா, உங்கள் சிகிச்சையில் உள்ள எங்கள் தொழிலாளியின் குடும்பச் சந்திப்பு சனிக்கிழமை காலை 20 நிமிடம் என்று குறிக்கப்பட்டுள்ளது. அவருடைய பெற்றோருக்குத் தமிழ், ஆங்கிலம் தெரியாது. எனவே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து வருகிறோம். கூடுதல் நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”*

வார்டு நம்பர் தெரியாது | புதன், மதியம் 12:25

தம்பி, இதைப் படிக்கிற வார்டு கிளார்க்குக்கு என்ன செய்வது என்றே தெரியாது. “கூடுதல் நேரம்” என்றால் ஐந்து நிமிடம் சேர்ப்பார். எண்ணைப் போடுங்கள், காரணத்தையும் ஒரே வரியில் போடுங்கள். ஓபி நாளில் நடுவில் 50 நிமிடம் கேட்டால் கிடைக்காது, அதனால் “ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, கடைசி சந்திப்பாக” என்று கேளுங்கள். கடைசியாக இருந்தால் பின்னால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். தெரியாத மொழிகளைப் பட்டியல் போடுவதால் அவர்களுக்குப் பயனில்லை. தெரிந்த மொழியை எழுதுங்கள், யாருக்கு எது, பேச எது, படிக்க எது என்று.

இருமொழி | புதன், மதியம் 2:10

படிக்க என்பது முக்கியம். சந்தாலிக்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்து இருக்கிறது, 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கியது. 2003இல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் சந்தாலி சேர்ந்துவிட்டது. அதனால் ஒல் சிக்கியில் படிவம் அடித்துக் கொடுத்தால் போதும் என்று யாராவது புத்திசாலித்தனமாகச் சொல்வார்கள். ஜார்க்கண்டில் பள்ளிக்கூடம் போனவர்கள் தேவநாகரியில் ஹிந்தி படித்திருப்பார்கள், ஒல் சிக்கி படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். பையன் எது படிப்பான் என்று கேட்டு எழுதுங்கள்.

பிறகு, மொழிபெயர்ப்பவர் ஒரு மாணவர், மருத்துவம் தெரியாது. சந்திப்புக்கு முன்னால் பத்து நிமிடம் டாக்டரோ சிஸ்டரோ அவரிடம் என்ன பேசப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். இது நேரத்துக்குள் வராது, தனியாகக் கேளுங்கள். கெட்ட செய்தியை அந்த மாணவன் முதல்முறையாக அந்த அம்மாவின் முன்னாலேயே கேட்டால் அவன் குரல் நடுங்கும், அடுத்த வாக்கியம் தவறிவிடும்.

பாலாற்றங்கரை | புதன், மாலை 6:40

இப்போது பாருங்கள்:

*“ஐயா, சனிக்கிழமை காலை குறிக்கப்பட்டுள்ள குடும்பச் சந்திப்பு பற்றி.*

*கலந்துகொள்பவர்கள்: நோயாளி (பேச்சு சந்தாலி, ஹிந்தியும் பேசுவார், ஹிந்தி படிப்பார்), தந்தை (சந்தாலி, கொஞ்சம் ஹிந்தி, மருத்துவ விவரம் புரிந்துகொள்ளப் போதாது, படிக்கத் தெரியாது), தாய் (சந்தாலி மட்டும், படிக்கத் தெரியாது). மூவரும் சந்தாலியில் பேச விரும்புகிறார்கள் என்று நோயாளி சொல்லியிருக்கிறார்.*

*ஆங்கிலம்–சந்தாலி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருவார். அவர் குடும்பத்துக்கோ, கம்பெனிக்கோ, காண்ட்ராக்டருக்கோ வேண்டியவர் அல்லர். நோயாளி அவரை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.*

*ஒவ்வொரு வாக்கியமும் இரு மொழியிலும் சொல்லப்பட வேண்டியிருப்பதாலும், குடும்பத்தின் கேள்விகளுக்கு நேரம் வேண்டியிருப்பதாலும், 20 நிமிடத்துக்குப் பதிலாக 50 நிமிடம் வேண்டும். அதற்கு முன் மொழிபெயர்ப்பாளரிடம் முக்கிய விஷயங்களைச் சொல்ல 10 நிமிடம் தனியாக வேண்டும். ரவுண்ட்ஸ் முடிந்த பின் கடைசி சந்திப்பாக வைத்தால் நல்லது. 50 நிமிடம் இயலாவிட்டால், இரண்டு நாளில் 30 நிமிடம் வீதம்: முதல் நாள் கையின் நிலையும் வழிகளும், இரண்டாம் நாள் முடிவும் கையெழுத்தும்.*

*கதவு மூடக்கூடிய அறை வேண்டும். ஒப்புதல் படிவத்தின் ஹிந்திப் பிரதி இருந்தால் ஒரு நாள் முன்னதாக நோயாளியிடம் கொடுக்கவும். அவசரமாக அறுவை தேவைப்பட்டால் இந்தச் சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைப் போனில் உடனே பிடிக்கலாம், எண் கீழே.”*

வார்டு நம்பர் தெரியாது | புதன், இரவு 7:15

இதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும். அந்த அவசர வரியை நீங்களாகவே போட்டது நல்லது. போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு, வார்டுக்கு வெளியே அமைதியான இடத்தில். வார்டு சத்தத்தில் பாதி விழாது.

ஆம்பூர் 635802 | புதன், இரவு 7:50

50 கேட்டால் 30தான் தருவான். 70 கேளுங்கள், பேரம் பேசி 50க்கு வரும்.

இருமொழி | புதன், இரவு 8:20

தோல் வியாபாரத்தில் அது நடக்கும் சார். இங்கே வேண்டாம். 70 என்று பார்த்தால் வேறு நாளைக்குத் தள்ளிவிடுவார்கள், விரல் அதுவரை காத்திருக்காது. அதற்காகத்தான் இரண்டு 30 நிமிடம் என்ற வழியைத் தம்பி எழுதியிருக்கிறார். நேரம் குறைந்தால் பேசும் விஷயத்தைக் குறைக்க வேண்டும், மொழிபெயர்ப்பைச் சுருக்கக் கூடாது. “சுருக்கமா சொல்லுப்பா” என்று யாராவது அந்த மாணவரிடம் சொன்னால், எதை விடுவது என்று முடிவு செய்கிறவன் அவன் ஆகிவிடுகிறான்.

பாலாற்றங்கரை | சனி, இரவு 10:20

நடந்ததைச் சொல்கிறேன். 40 நிமிடம் கொடுத்தார்கள், கடைசி சந்திப்பு. சமூகப் பணிப் பிரிவிலிருந்து ஒரு அம்மா முன்கூட்டியே மாணவரிடம் பேசினார். பையன் சக்கர நாற்காலியில் வந்தான். மேஸ்திரி வெளியே பெஞ்சில். அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, அதை என்ன செய்வது. ரூம்மேட் ஒருவர் உள்ளே இருந்தார், நான் கதவருகில்.

டாக்டர் முதலில் பழக்க வேகத்தில் ஓடினார். மாணவர் கையைத் தூக்கி “சார், இங்கே நிறுத்துங்கள்” என்றார். இருமொழி அக்கா, நீங்கள் தனிச் செய்தியில் சொல்லச் சொன்னதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அதன் பிறகு இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை டாக்டரே நிறுத்தினார். சொன்னது இவ்வளவுதான்: நடுவிரல் நுனி பிழைக்கலாம், மோதிர விரல் கஷ்டம், எது எவ்வளவு கறுக்கிறது என்று தெளிய இன்னும் சில நாள் ஆகும். அதுவரை காத்திருந்து தேவையானதை மட்டும் எடுக்கலாம். அல்லது இப்போதே எடுத்து மூடினால் சீக்கிரம் வீடு போகலாம்.

பாதியில் டாக்டர், “நான் சொன்னதை அவர்கள் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்” என்றார். அப்பா சொன்னதை மாணவர் ஆங்கிலத்தில் சொன்னபோது அறையே அமைதியாகிவிட்டது. கறுப்பு மேலே ஏறிக்கொண்டே போகும், கடைசியில் முழங்கை வரை எடுப்பார்கள், அதற்குத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதைச் சரிசெய்ய டாக்டர் தன் கையிலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். அதற்கே பத்து நிமிடம் போய்விட்டது. அம்மா கேட்டது ஒரே கேள்விதான், வில் பிடிக்க முடியுமா என்று. பையன் ஊரில் வில்வித்தைப் போட்டிக்குப் போவானாம். எங்கள் யாருக்கும் தெரியாது.

முடிவு எடுக்க நேரமில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொரு 30 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பையன் காத்திருக்கலாம் என்று சொல்கிறான், இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது இரண்டு கேள்வி. மாணவருக்குக் கம்பெனி பணம் கொடுக்கலாமா? எங்கள் மேனேஜர் சரி என்கிறார். இன்னொன்று, நஷ்டஈடு பற்றிப் பேச கம்பெனி, காண்ட்ராக்டர், குடும்பம் மூவரும் உட்கார வேண்டும். அதற்கும் இவரையே கூப்பிடலாமா?

கோட்டை மைதானம் | சனி, இரவு 10:45

அதே ஆளையே கூப்பிடுங்கள், குடும்பத்துக்குப் பழகிவிட்டார். பணம் யார் கொடுத்தால் என்ன, உழைப்புக்குக் காசு.

இருமொழி | சனி, இரவு 11:20

ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குக் கம்பெனி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மணிக் கணக்கில், போக்குவரத்தோடு, முன்கூட்டியே சொன்ன தொகையாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை டாக்டர் காத்திருக்கச் சொன்னாலும் எடுக்கச் சொன்னாலும் அதே தொகை என்று அவருக்கும் குடும்பத்துக்கும் தெரிய வேண்டும்.

நஷ்டஈட்டுக்கு நான் இவரை வைக்க மாட்டேன். அங்கே கம்பெனி ஒரு கட்சி. கம்பெனி காசு வாங்கியவர் குடும்பத்துக்காகப் பேசுகிறார் என்றால் நாளைக்கு அந்தப் பேச்சே நிற்காது. குடும்பம் தன் பக்கத்துக்கு ஒரு ஆளைக் கொண்டுவரட்டும், யூனியனோ சட்ட உதவியோ மூலம். இஎஸ்ஐ விஷயம் என்றால் அந்த அலுவலகத்திலேயே கேட்கலாம்.

வார்டு நம்பர் தெரியாது | ஞாயிறு, காலை 8:05

எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை அக்கா. தும்காவிலிருந்து வந்தவர்கள் இங்கே யூனியன் ஆளை எங்கே போய்த் தேடுவார்கள்? வேறு ஆளே இல்லாமல் மேஸ்திரி உட்காருவதைவிட இந்த மாணவர் மேல். அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்து குடும்பத்திடமே கொடுத்துவிட்டால் பின்னால் யாரும் சரிபார்க்கலாம்.

இருமொழி | ஞாயிறு, காலை 8:40

பதிவு நல்ல யோசனை, எல்லோரும் சம்மதித்தால். ஆனால் அன்றைக்கே கையெழுத்து வாங்கக் கூடாது என்பதில் நான் மாற மாட்டேன்.

வார்டு நம்பர் தெரியாது | ஞாயிறு, காலை 9:10

அது சரி. தம்பி, முதலில் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள். தேதியை மட்டும் மாற்றிப் பழைய லெட்டரையே அனுப்பிவிடாதீர்கள். இந்த முறை முடிவோடு சேர்த்து கட்டு மாற்றுவதையும் காட்டுவார்கள், ஏனென்றால் காத்திருப்பது என்றால் வீட்டிலோ ரூமிலோ யாராவது கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்துகாட்டும்போது பேச்சும் கையும் ஒரே நேரத்தில் ஓடும், அம்மா கட்டைப் பார்ப்பாரா மாணவர் சொல்வதைக் கேட்பாரா? சிஸ்டர் முதலில் சொல்லட்டும், மாணவர் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் பேசாமல் செய்துகாட்டட்டும். பிறகு அம்மா தன் கையால் ஒரு முறை செய்யட்டும். அதற்கு மட்டும் தனியாக 20 நிமிடம் என்று எழுதிக் கேளுங்கள், டாக்டரின் 30 நிமிடத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். டாக்டர் அறையில் இல்லாமல் டிரெஸ்ஸிங் ரூமில் நடக்கும், அதனால் மாணவரையும் உள்ளே விட வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் அட்டெண்டர் ஒரே ஆள்தான் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

பாலாற்றங்கரை | ஞாயிறு, காலை 9:32

இந்த அட்டெண்டர் விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது சிஸ்டர். மாணவருக்கு செவ்வாய் காலை லேப் பரீட்சை இருக்கிறதாம், பதினொன்றரைக்கு மேல்தான் வர முடியும். அதையும் சேர்த்து இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.